செங்குத்தான நகர்வுக்குப் பின் வரும் ஹேமர், ஷூட்டிங் ஸ்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹேமர், ஷூட்டிங் ஸ்டார்னு எதைச் சொல்றோம்? கண்ணால பார்த்தா போதுமா, அளக்கணுமா?

அளக்க வேண்டும். இவை இரண்டும் சார்ட்டில் ஒரு நாளின் விலை நகர்வைக் காட்டும் கேண்டில்கள். திறந்த விலையான ஓப்பனுக்கும் முடிந்த விலையான குளோஸுக்கும் நடுவில் உள்ள பகுதி உடல். அதற்குக் கீழே, நாளின் அடி விலையான லோ வரை நீள்வது கீழ்வால். மேலே, உச்ச விலையான ஹை வரை நீள்வது மேல்வால். ஹேமரில் உடல் சின்னதாக, கேண்டிலின் மேல் முனையை ஒட்டி இருக்கும். கீழ்வால் உடலைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு நீளும். மேல்வால் இல்லாமல் இருக்க வேண்டும், இருந்தாலும் ஒரு நூலளவுதான். இதைத் தலைகீழாகத் திருப்பினால் ஷூட்டிங் ஸ்டார்: உடல் அடியில், நீண்ட வால் மேலே.

உருவம் பாதிதான். மீதிப் பாதி அது நிற்கும் இடம். தொடர்ந்து விழுந்த விலையின் அடியில் நின்றால்தான் அது ஹேமர். அதே உருவம் நீண்ட ஏற்றத்தின் உச்சியில் வந்தால் அதற்கு ஹேங்கிங் மேன் என்று பெயர், பொருளும் வேறு. பக்கவாட்டில் நகரும் சந்தையின் நடுவே வந்தால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது.

ஹேமருக்கு நெருங்கிய ஒரு கேண்டிலுக்கு ஜப்பானிய வணிகர்கள் வைத்த பெயர் தக்குரி. தண்ணீரின் ஆழத்தைத் துழாவிப் பார்ப்பது என்பது அதன் பொருள். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நாம் சொல்கிறோமே, அதே எண்ணம்தான். துழாவிய கால் தரையைத் தொட்டதா, வேறு எதையோ தொட்டுவிட்டுத் திரும்பியதா என்பது அந்த ஒரு நாளில் தெரியாது.

கீழே போன விலை மேலே வந்துடுச்சுன்னா, வாங்குறவங்க வந்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? இன்னொரு நாள் எதுக்குக் காத்திருக்கணும்?

வாங்கினார்கள் என்பது உறுதி. யார், எதற்காக வாங்கினார்கள் என்பதைத்தான் கேண்டில் காட்டாது.

பத்துப் பதினைந்து நாள் செங்குத்தாக விழுந்த சந்தையில் ஷார்ட் அடித்தவர்கள், அதாவது கையில் இல்லாததை முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கி முடிப்பவர்கள், கையில் பெரிய லாபம் இருக்கும். அதை அவர்கள் எடுக்க வேண்டுமானால் வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த வாங்கலும் விலையைத் தூக்கும், கீழ்வாலை உண்டாக்கும். ஆனால் கணக்கு முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள், நாளைக்கு வாங்க வர மாட்டார்கள்.

நம் சந்தையில் இன்னொரு காரணமும் உண்டு. ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே ஷார்ட் அடித்தவர் அன்றைக்கே முடித்தாக வேண்டும். அவர் முடிக்காவிட்டால் சந்தை மூடுவதற்குச் சற்று முன் புரோக்கரின் சிஸ்டமே வாங்கி முடித்துவிடும். ஆகவே மூன்று மணிக்கு மேல் பங்கு விறுவிறுவென்று ஏறி அழகான ஹேமராக முடிந்தால், அதில் கணிசமான பங்கு இந்தக் கட்டாய வாங்கலாக இருக்கலாம். ஷூட்டிங் ஸ்டாரில் இது திரும்பி நடக்கும். காலையில் ஏற்றத்தைத் துரத்தி வாங்கிய இன்ட்ராடே ஆட்கள் மாலையில் விற்று வெளியேறுவதாலேயே மேல்வால் வந்துவிடும்.

மறுநாள் காலை இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. நேற்றைய இன்ட்ராடே ஷார்ட் முடிந்துவிட்டது. இன்று வாங்குபவர், பெரும்பாலும் வைத்திருப்பதற்காக வாங்குகிறார். அடுத்த கேண்டிலுக்குக் காத்திருப்பது இதற்காகத்தான். நேற்று வந்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று அது சொல்லிவிடும்.

நீளமான வால் வந்தும் மறுநாள் ஏமாத்தினதுக்கு நிஜமான உதாரணம் இருக்கா?

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. நிஃப்டி பிப்ரவரி 20-இல் 12,080.85-இல் முடிந்திருந்தது. அடுத்த 13 வர்த்தக நாட்களில் இருபது சதவீதத்துக்கு மேல் விழுந்து, மார்ச் 12 அன்று 9,590.15-க்கு வந்துவிட்டது. 13-ஆம் தேதி காலை திறந்த சில நிமிடங்களிலேயே பத்து சதவீத லோயர் சர்க்யூட் அடித்து வர்த்தகம் 45 நிமிடம் நின்றது. மறுபடி தொடங்கியதும் விலை ஏற ஆரம்பித்தது, நாள் முழுக்க ஏறியது.

அன்றைய எண்கள்: ஓப்பன் 9,107.60, ஹை 10,159.40, லோ 8,555.15, குளோஸ் 9,955.20. அடியிலிருந்து 1,400 புள்ளி மீண்ட அந்தத் திரையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. ‘பாட்டம் வந்தாச்சு’ என்ற குரல்தான் எங்கும். நானும் அன்று மூன்றே கால் மணிக்கு வாங்கினேன்.

இப்போது அளந்து பார்ப்போம். உடல் 847.60 புள்ளி. கீழ்வால் 552.45 புள்ளி. வால் உடலைவிடச் சின்னது, எனவே விதிப்படி அது ஹேமரே இல்லை. வால் நீளமாகத் தெரிந்ததற்குக் காரணம், அன்று எல்லாமே நீளமாக இருந்ததுதான். செங்குத்தான வீழ்ச்சியில் ஒரு நாளின் வீச்சே பல மடங்காகிவிடுவதால் கண் ஏமாறும். நான் அன்று அளக்கவில்லை.

திங்கட்கிழமை, மார்ச் 16. நிஃப்டி 9,587.80-இல் திறந்தது, அதாவது வெள்ளிக்கிழமை குளோஸுக்கு 367 புள்ளி கீழே. நாளின் ஹை 9,602.20, திறந்த இடத்தைவிட 15 புள்ளிகூட மேலே போகவில்லை. 9,197.40-இல் முடிந்தது. வெள்ளியன்று மீட்டதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் போய்விட்டது. வந்தவர்கள் தங்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. அன்றே வெளியேறியிருந்தால் சேதம் அந்த அளவோடு நின்றிருக்கும். வெள்ளிக்கிழமை லோவான 8,555 காப்பாற்றும் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு, மார்ச் 18 அன்று அதுவும் உடைந்தது. அன்றைய குளோஸ் 8,468.80.

அதே சமயத்துல உறுதியான ஒண்ணு எப்படி இருந்தது?

அதே மாதம், 24-ஆம் தேதி. முந்தின நாள் சந்தை மறுபடி லோயர் சர்க்யூட் அடித்து 13 சதவீதம் விழுந்து 7,610.25-இல் முடிந்திருந்தது. 24 அன்று ஓப்பன் 7,848.30, ஹை 8,036.95, லோ 7,511.10, குளோஸ் 7,801.05.

உடல் வெறும் 47 புள்ளி. கீழ்வால் 290 புள்ளி, உடலின் ஆறு மடங்கு. இந்த அளவில் சரிதான். ஆனால் மேல்வாலும் 189 புள்ளி இருக்கிறது, எனவே இதையும் சுத்தமான ஹேமர் என்று சொல்ல முடியாது. கறாராகப் பார்ப்பவர் இரண்டு நாட்களையும் தள்ளிவிடுவார். குளோஸ் ஓப்பனுக்குக் கீழே என்பதால் நிறமும் சிவப்பு. மார்ச் 13-ஐப் பார்த்துக் கொண்டாடியவர்கள் இந்தக் கேண்டிலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அன்று இரவு எட்டு மணிக்கு 21 நாள் முழு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. சந்தை மூடிய பிறகு வந்த, யாரும் அதற்கு முன் கண்டிராத செய்தி. மறுநாள் நிஃப்டி 7,735.15-இல் சற்றுக் கீழேதான் திறந்தது. ஆனால் 7,714.75-க்குக் கீழே இறங்கவில்லை. முந்தின நாள் அடியான 7,511 பக்கம்கூடப் போகவில்லை. அங்கிருந்து ஏறி 8,317.85-இல் முடிந்தது. அது 24-ஆம் தேதியின் ஹையான 8,036.95-க்கு 281 புள்ளி மேலே.

நான் இதை இப்படித்தான் படிக்கிறேன்: மோசமான செய்தியைக் கையில் வைத்துக்கொண்டும் விற்பவர்களால் விலையைப் பழைய அடிக்குத் தள்ள முடியவில்லை. மார்ச் 13-இன் கேண்டில் பார்வைக்கு அழகு, 24-இன் கேண்டில் சாதாரணம். இரண்டையும் பிரித்துக் காட்டியது அடுத்த நாள்தான். 7,511.10-ஐ நிஃப்டி அதன் பிறகு பார்க்கவில்லை.

‘உறுதி’ன்னு எதை எடுத்துக்கணும்? ஹேமரோட ஹையைத் தொட்டா போதுமா?

தொட்டால் போதாது, முடிய வேண்டும். ஹேமருக்கு அடுத்த கேண்டில், ஹேமரின் ஹைக்கு மேலே குளோஸ் ஆக வேண்டும். ஷூட்டிங் ஸ்டாருக்கு அதன் லோவுக்குக் கீழே குளோஸ் ஆக வேண்டும். நான் நம்பிப் பணம் போடுவது இதை மட்டும்தான்.

ஹைக்கு மேலே போகாமல் உடலுக்கு மேலே மட்டும் குளோஸ் ஆவதையும் சிலர் உறுதியாக எடுத்துக்கொள்வார்கள். அது பலவீனமான உறுதி. மெதுவாக இறங்கிவந்த பங்கில் அது போதுமானதாக இருக்கலாம். செங்குத்தான வீழ்ச்சிக்குப் பிறகு, ஷார்ட் அடித்தவர்கள் வாங்கி முடிக்கும் ஷார்ட் கவரிங் இரண்டாம் நாளும் கொஞ்சம் நீளும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

காலையில் கேப் அப் ஆகித் திறப்பதை மட்டும் பார்த்து உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். ஹேமரின் ஹைக்கு மேலே திறந்து, நாள் முழுக்க வழிந்து, அடியில் முடியும் கேண்டில் உறுதி கிடையாது, மறுப்பு. ஒன்பதே கால் மணிக்கு ஆர்டர் போட்டவருக்கு அது தெரியாது. மூன்றேகாலுக்குப் பார்ப்பவருக்குத் தெரியும்.

குளோஸ் வரைக்கும் காத்திருந்தா விலை எங்கேயோ போயிடுதே. ஸ்டாப்லாஸும் ரொம்பத் தூரமாகுது, என்ன செய்றது?

உண்மைதான். காத்திருப்பதற்கு விலை உண்டு, அதை மறைத்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். மார்ச் 24 மாலை 7,801-இல் வாங்கி விலை 7,511-க்குக் கீழே போனால் விற்று வெளியேறும்படி ஸ்டாப்லாஸ் வைத்திருந்தால் ஆபத்து 290 புள்ளி. உறுதியான பிறகு 25-ஆம் தேதி குளோஸில், 8,317-இல் வாங்கினால் அதே ஸ்டாப்லாஸுக்கு 807 புள்ளி தூரம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

முதல் வழி அளவைக் குறைப்பது. நிஃப்டியில் நூறில் ஒரு பங்கு விலையில் விற்கும் ஒரு இண்டெக்ஸ் இ.டி.எஃப். என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரு வர்த்தகத்தில் நீங்கள் இழக்கத் தயாரான தொகை 4,000 ரூபாய். 24-ஆம் தேதி வாங்கினால் ஒரு யூனிட்டுக்கு ஆபத்து 2.90 ரூபாய், அதனால் 1,379 யூனிட் வாங்கலாம். 25-ஆம் தேதி ஆபத்து 8.07 ரூபாய், 495 யூனிட்தான் வாங்க முடியும். தோற்றால் இழப்பது இரண்டிலும் அதே 4,000. ஜெயித்தால் வருவது குறைவு. அந்தக் குறைவுதான், மார்ச் 13 போன்ற ஒரு நாளில் மாட்டாமல் இருப்பதற்கு நீங்கள் கட்டும் பிரீமியம். தூரம் அதிகமாகிவிட்டதே என்று ஸ்டாப்லாஸை நடுவில் எங்கேயோ இழுத்து வைப்பது தவறு. அந்த இடத்தில் சந்தைக்கு எந்த அர்த்தமும் இல்லை, சாதாரண ஆட்டத்திலேயே அடித்துவிடும்.

இரண்டாவது வழி, உறுதியான பிறகு விலை திரும்பி வருவதற்குக் காத்திருப்பது. செங்குத்தான வீழ்ச்சிக்குப் பிறகு இது அடிக்கடி நடக்கும். 2020-இலும் நடந்தது. 25-க்குப் பிறகு நிஃப்டியின் முடிவு விலை 8,660 வரை போய்விட்டு இறங்க ஆரம்பித்தது. ஏப்ரல் 3 அன்று லோ 8,055.80, குளோஸ் 8,083.80. மார்ச் 24-இன் ஹை எவ்வளவு? 8,036.95. அதற்கு 19 புள்ளி மேலே வந்து நின்றது. முன்பு தடையாக இருந்த இடம் தாங்கியாக மாறியது. அடுத்த வர்த்தக நாளான ஏப்ரல் 7 அன்று 8,792.20-இல் முடிந்தது. ஏப்ரல் 3 மாலை வாங்கியவருக்கு ஸ்டாப்லாஸ் தூரம் 573 புள்ளிதான்.

திரும்பி வராமலே போய்விடுவதும் உண்டு. அப்போது அந்த வாய்ப்பை விட்டுவிட வேண்டியதுதான். துரத்திப் போய் மேலே வாங்கினால் இதுவரை காத்திருந்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

அடுத்த கேண்டில் மேலேயும் போகாம, கீழேயும் போகாம நடுவுல நின்னா?

தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹேமரின் ஹையையும் லோவையும் இரண்டு கோடாகப் போட்டுவிட்டு, எந்தக் கோட்டுக்கு வெளியே முதலில் குளோஸ் ஆகிறது என்று பாருங்கள். நான் மூன்று கேண்டில் வரை பார்ப்பேன். அதற்குள் எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த வாலுக்கு வலு தீர்ந்துவிட்டது, மறந்துவிடுவேன். ஒன்று மட்டும் கவனியுங்கள். குளோஸ்கள் ஹேமரின் நடுப்பகுதிக்குக் கீழே இறங்கிக்கொண்டே வந்தால், லோ இன்னும் உடையாவிட்டாலும் வாங்கியவர்கள் சோர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஷூட்டிங் ஸ்டாருக்கும் இதே கணக்குதானா?

விதி அதேதான், உச்சியில் அது நடக்கும் விதம் வேறு. வீழ்ச்சியின் முடிவில் பயம் ஒரே நாளில் கொட்டித் தீர்ந்துவிடலாம். ஏற்றத்தின் முடிவில் ஆசை அப்படி உடனே தீராது. இறங்கினால் வாங்கலாம் என்று காத்திருந்தவர்கள் ஒன்றிரண்டு நாள் தாங்கிப் பிடிப்பார்கள். அதனால் உறுதி ஒரு நாள் தாமதமாக வருவதை உச்சியில் அதிகம் பார்க்கலாம்.

2022-இல் பிரென்ட் கச்சா எண்ணெய் இதற்கு நல்ல பாடம். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுப்பதற்கு முந்தின நாள், பிப்ரவரி 23-இல் பீப்பாய் 96.84 டாலர். ஏழே வர்த்தக நாட்களில், மார்ச் 4-இல் 118.11. ரஷ்ய எண்ணெய்க்குத் தடை வரும் என்ற பேச்சில் மார்ச் 7, திங்கட்கிழமை, வர்த்தகம் தொடங்கிய சற்று நேரத்தில் 139.13-ஐத் தொட்டது. முடிந்தது 123.21-இல். உச்சத்திலிருந்து 16 டாலர் கீழே.

அன்றே விற்றவர் என்ன ஆனார்? மறுநாள் விலை 127.98-க்கு ஏறி முடிந்தது. அமெரிக்கா தடையை அறிவித்த நாள் அது. பீப்பாய்க்கு நாலே முக்கால் டாலர் நஷ்டத்தில், இன்னும் எவ்வளவு ஏறுமோ என்ற கலக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். பலர் அங்கேயே கைவிட்டிருப்பார்கள். அடுத்த கேண்டில் உறுதி செய்யவில்லை, ஆனால் 139.13-ஐ உடைக்கவும் இல்லை. மேலே சொன்ன ‘தீர்ப்பு தள்ளிவைப்பு’ நிலைதான். மார்ச் 9 அன்று, உற்பத்தியை உயர்த்துவதை ஆதரிக்கிறோம் என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் பக்கமிருந்து செய்தி வந்தது. பிரென்ட் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 111.14-இல் முடிந்தது. மார்ச் 4-இன் முடிவு விலைக்கும் கீழே. உறுதி என்பது அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மார்ச் 15-இல் 99.91. ஆனால் மார்ச் 23-இல் மறுபடி 121.60. உறுதியான ஷூட்டிங் ஸ்டார், அந்த ஏற்றம் ஓய்ந்தது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு விழும், எத்தனை நாள் விழும் என்று சொல்லாது. இலக்கை வேறு எதையாவது வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கையில் பங்கு வைத்திருப்பவருக்கு இன்னொரு பயனும் உண்டு. ரொக்கச் சந்தையில் நம்மால் ஷார்ட்டை மறுநாளைக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் சாதாரண முதலீட்டாளருக்கு ஷூட்டிங் ஸ்டார் பெரும்பாலும் லாபத்தை எடுக்கும் கேள்விதான். ஸ்டார் வந்த அன்று ஒரு பகுதியை விற்றுவிட்டு, அதன் லோவுக்குக் கீழே குளோஸ் ஆனால் மீதியையும் விற்பது எனக்குச் சரியாகப் படுகிறது. வாங்குவதற்கு முழு உறுதி கேட்கும் நான், லாபத்தைக் காப்பதற்கு அவ்வளவு கேட்பதில்லை.

உடல் பச்சையா சிவப்பாங்கிறது முக்கியமா?

கொஞ்சம்தான். பச்சை ஹேமரும் சிவப்பு ஷூட்டிங் ஸ்டாரும் சற்றே வலுவானவை. மேலே பார்த்த மார்ச் 24 கேண்டில் சிவப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

அஞ்சு நிமிஷ சார்ட்லயும் இதைப் பயன்படுத்தலாமா?

உருவம் வரும், ஒரு நாளில் பத்து முறைகூட வரும். ஐந்து நிமிடத்தில் ஒரு பெரிய ஆர்டரே வாலை உண்டாக்கிவிடும். அடுத்த ஐந்து நிமிடமும் அதே ஆர்டரின் மிச்சமாக இருக்கலாம், எனவே உறுதியும் உறுதியாகாது. தினசரி சார்ட்டில் ஓர் இரவு இடையில் இருக்கிறது. மனிதர்கள் யோசிக்கிறார்கள், செய்தி வருகிறது, கட்டாய ஆர்டர்கள் கழிகின்றன. அந்த இடைவெளிதான் அடுத்த கேண்டிலுக்கு மதிப்பைத் தருகிறது. அன்றாடம் சில ஆயிரம் பங்கு மட்டுமே கைமாறும் சின்ன கம்பெனிகளில் தினசரி சார்ட்டுக்கும் இதே குறை உண்டு. ஒருவர் அவசரத்துக்கு விற்றாலே அங்கே ஹேமர் வந்துவிடும்.

ஒரு ஆப்ல ஹேமரா தெரியுது, இன்னொண்ணுல உடல் பெருசா இருக்கு. எது சரி?

குளோஸை எப்படி எடுக்கிறார்கள் என்பதில் வித்தியாசம். மேலே உள்ள 2020 எண்களின் காலத்தில் என்.எஸ்.இ. அறிவிக்கும் முடிவு விலை, 3 மணியிலிருந்து 3.30 வரை நடந்த வர்த்தகத்தின் எடையிட்ட சராசரி. கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை வேறு. சில சார்ட்கள் முதலாவதையும் சில இரண்டாவதையும் காட்டும். கடைசி அரைமணி நேரத்தில் விலை ஓடியிருந்தால் இரண்டுக்கும் நன்றாகவே இடைவெளி விழும். செங்குத்தான நாட்களில் அப்படித்தான் ஓடும். சின்ன உடலை வைத்து ‘இரண்டு மடங்கு’ அளக்கும்போது அந்த இடைவெளியே ஹேமரை உண்டாக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஹேமரையும் அடுத்த நாளின் உறுதியையும் அதே கணக்கில் பாருங்கள். ஒரு நாள் ஓர் ஆப்பிலும் மறுநாள் இன்னோர் ஆப்பிலும் பார்த்தால் ஹையைத் தாண்டி முடிந்ததா இல்லையா என்பதே குழம்பிவிடும்.